‘பிபிக்கு நல்ல உப்பு’ வாங்கப் போறீங்களா? பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன, வீட்டில் யாருக்கு அது ஆகாது?

கோவை பக்கம் எந்த மளிகைக் கடையில் நின்றாலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். “ஏனுங்ண்ணா, பிபிக்கு நல்ல உப்புன்னு ஒன்னு இருக்குதாமா, அது இருக்குதுங்களா?” கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். “இந்துப்பு தானுங்க்கா? இருக்குதுங்க” என்று இளஞ்சிவப்புக் கல் உப்பை எடுத்து வைப்பார். வாங்கியவரும் இனி ரத்த அழுத்தம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவார்.

சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. டாக்டர்களும் உலக சுகாதார நிறுவனமும் பேசுகிற ‘சோடியம் குறைந்த உப்பு’ வேறு, இந்துப்பு வேறு. இந்துப்பில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு தான், அதாவது சாதாரண உப்பேதான். நிறம் வருவது அதில் ஒட்டியிருக்கும் இரும்பு போன்ற தாதுக்களின் சுவடால். அயோடின் சேர்க்காமல் விற்கப்படும் இந்துப்பு என்றால் பிபியும் குறையாது, அயோடினும் கிடைக்காது.

உண்மையான மாற்று உப்பில் சோடியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்திருப்பார்கள். அது பலருக்கு நல்லது, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. ஆனால் வீட்டில் உப்பு டப்பா ஒன்றுதான் இருக்கும், அதிலிருந்து சாப்பிடுகிறவர்கள் நாலைந்து பேர். இந்த உப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

சோடியம் பிபியை எப்படி ஏற்றுகிறது?

சமையல் உப்பில் எடைக்கு 40 சதவீதம் அளவுக்கு சோடியம். மீதி குளோரைடு. 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் தலைதட்டி எடுத்தால், அதில் சுமார் 2 கிராம் சோடியம் இருக்கும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு இதற்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழம்பு, பொரியல், ஊறுகாய், பேக்கரி பப்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 5 கிராம்.

சோடியம் எங்கே போனாலும் தண்ணீரையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சோடியம் கூடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்போம், சிறுநீரகமும் தண்ணீரை வெளியே விடாமல் நிறுத்தி வைக்கும். குழாய் அதேதான், ஆனால் அதில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடிவிடுகிறது. அதனால் அழுத்தம் ஏறுகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் அதிகப்படி சோடியத்தை ஓரிரு நாளில் வெளியே தள்ளிவிடும். வருஷக்கணக்கில் தினமும் அதிக உப்பு வந்துகொண்டே இருந்தால், ரத்தக் குழாய்கள் விறைத்துப் போய், ஏறிய அழுத்தம் அப்படியே நின்றுவிடுகிறது. வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோரின் பிபி உப்புக்கு மற்றவர்களைவிட அதிகமாக அசையும்.

பொட்டாசியம் என்ன செய்கிறது?

பொட்டாசியம் சோடியத்துக்கு எதிராளி என்று சுருக்கமாகச் சொல்வதுண்டு. நடப்பது கொஞ்சம் சுவாரஸ்யமானது. சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்பட்ட பிறகு, நுண்குழாய்களின் வழியே போகும் திரவத்திலிருந்து உடலுக்குத் தேவையான சோடியம் திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கப்படுகிறது. அந்தக் குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே இழுக்க ஒரு ‘வாசல்’ இருக்கிறது. அதை எவ்வளவு திறப்பது என்பதை ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் தான் முடிவு செய்கிறது.

சாப்பாட்டில் பொட்டாசியம் குறைந்தால், இருக்கிற பொட்டாசியத்தையாவது வீணாக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று உடல் நினைக்கிறது. அதற்காக இந்த வாசலை அகலத் திறந்து சோடியத்தை உள்ளே இழுக்கிறது. பிபி ஏறினாலும் சரி என்று விட்டுவிடுகிறது. பொட்டாசியம் போதுமான அளவு வந்தால் வாசல் மூடிக்கொள்ளும், சோடியம் சிறுநீரோடு போய்விடும். ரத்தக் குழாய்களின் சுவரைத் தளரவைப்பதிலும் பொட்டாசியத்துக்குப் பங்குண்டு. ஆக, அதே உப்பைச் சாப்பிட்டாலும் பொட்டாசியம் குறைந்தவரின் உடலில் அது அதிகம் வேலை காட்டும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு குறைந்தது 3.5 கிராம் பொட்டாசியம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொங்கு நாட்டின் பழைய சாப்பாட்டில் இதற்குப் பெரிய பஞ்சம் இருந்திருக்காது. கொள்ளுப் பருப்பு, கம்மங்கூழ், ராகிக் களி, கீரைக் கடைசல், பொள்ளாச்சி இளநீர், மேட்டுப்பாளையம் பக்கத்து வாழை எல்லாமே பொட்டாசியம் உள்ளவை. 100 கிராம் கொள்ளில் சுமார் 1,000 மில்லிகிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 350 முதல் 400. முந்நூறு மில்லி இளநீரில் 600-ஐத் தாண்டும். ராகியோடு ஒப்பிட்டால் தீட்டிய வெள்ளை அரிசியில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கிறது. களியும் கூழும் போய் மூன்று வேளையும் அரிசி என்று ஆனபோது, உப்பின் அளவு கூடாமலே சோடியம் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பு இருக்கிறதே என்றால், அது கொஞ்சம் ஈடு கட்டும், அவ்வளவுதான்.

மாற்று உப்பு பாக்கெட்டில் என்ன இருக்கு?

பெரும்பகுதி சாதாரண சோடியம் குளோரைடு. மீதி பொட்டாசியம் குளோரைடு. இந்தியக் கடைகளில் ‘15 சதவீதம் சோடியம் குறைவு’ என்ற வகையைப் பரவலாகப் பார்க்கலாம். பொட்டாசியம் குளோரைடு 30 சதவீதம் வரை கலந்தவையும் உண்டு. அதற்கு மேல் போனால் நாக்கில் ஒரு கசப்பு, உலோக வாடை போன்ற ஒன்று தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் முழுக்க பொட்டாசியம் உப்பை யாரும் சமையலுக்கு விரும்புவதில்லை. சில தயாரிப்புகளில் மெக்னீசியம் உப்பும் கொஞ்சம் சேர்க்கிறார்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஏதோ புது ரசாயனம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கும் வாழைக்கும் போடுகிற பொட்டாஷ் உரமும் அதே பொருள்தான். (அதற்காக உர மூட்டையிலிருந்து எடுத்துக் குழம்பில் போட முடியாது. உணவுக்கானது தனியாகச் சுத்திகரிக்கப்பட்டது.) பொட்டாஷுக்கு இந்தியா கிட்டத்தட்ட முழுவதுமாக இறக்குமதியை நம்பியிருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் விளைகிற உப்பின் விலைக்கு இது வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

லேபிளைப் படிக்கும்போது பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண அயோடின் உப்பு பாக்கெட்டிலும் ‘பொட்டாசியம்’ என்ற சொல் இருக்கும். அது பொட்டாசியம் அயோடேட், அதாவது அயோடினுக்காகச் சேர்ப்பது. கடைக்கு வரும் உப்பில் அயோடின் கிலோவுக்கு குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவிலிருந்தே அது எவ்வளவு சிறிய சுவடு என்று தெரியும். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற ஐஎன்எஸ் 536 என்பதும் ஒரு பொட்டாசியம் சேர்மம் தான், அதுவும் சுவடு அளவே. இந்த இரண்டும் கணக்கில் வராது. ‘பொட்டாசியம் குளோரைடு’ என்று சேர்மானப் பட்டியலில் தனியாக இருந்தால் மட்டுமே அது மாற்று உப்பு. பக்கத்தில் சதவீதம் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

நிஜமாவே வேலை செய்யுதா?

தெலங்கானாவின் சித்திபேட்டை மாவட்டத்தில் ஏழு கிராமங்களில் பிபி உள்ள 502 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. முடிவுகள் 2021-ல் வெளியாயின. ஒரு பகுதியினருக்கு வழக்கமான உப்பு, இன்னொரு பகுதியினருக்கு 70 பங்கு சோடியம் குளோரைடு, 30 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, அளவெடுத்தவர்களுக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் மாற்று உப்புக்காரர்களின் மேல் அளவு பிபி மற்றவர்களைவிட சராசரியாக 4.6 பாயின்ட் இறங்கியது. 150 இருந்தவருக்கு 145 என்பதுபோல. மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இது பெரியதில்லை. ஆனால் வேறு எதையும் மாற்றாமல், உப்பு டப்பாவை மட்டும் மாற்றிக் கிடைத்தது.

இந்த 5 பாயின்ட்டால் என்ன பிரயோஜனம் என்ற கேள்விக்கு சீனாவில் நடந்த பெரிய ஆய்வு பதில் சொன்னது. 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர். எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய பிபிக்காரர்கள். சராசரியாக நாலே முக்கால் வருஷம் பின்தொடர்ந்ததில், பொட்டாசியம் குளோரைடு 25 சதவீதம் கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதமும், இறப்பு 12 சதவீதமும் குறைவாக இருந்தன. பொட்டாசியம் கூடியதால் வந்த கடுமையான பாதிப்புகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ‘அப்போ யாருக்கும் ஆபத்தில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை உடலில் நிறுத்தி வைக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையும் இதே எல்லைக்கோட்டைத்தான் போட்டது. வீட்டில் பயன்படுத்தும் உப்புக்குப் பதிலாக பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும் வேறு நிலைமைகள் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அதுவும் உறுதியான பரிந்துரை அல்ல, நிபந்தனையோடு கூடியது.

தமிழ்நாட்டில் கிடைக்குதா?

இது புதுசில்லை. 2014 ஜூனில் தமிழக அரசு ‘அம்மா உப்பு’ அறிமுகப்படுத்தியபோது மூன்று வகையில் ஒன்று சோடியம் குறைந்த உப்புதான். தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரித்தது. அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய்க்கும், இரும்புச் சத்தும் சேர்த்தது 14 ரூபாய்க்கும் விற்ற அதே நேரத்தில் சோடியம் குறைந்ததன் விலை 21 ரூபாய். அரசே விற்றும் விலை இரண்டு மடங்கு.

பத்து வருஷம் கழித்தும் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. சென்னையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், சென்னையில் 300 கடைகளில் பார்த்து 2025-ல் சொன்ன கணக்கு இது: சோடியம் குறைந்த உப்பு 28 சதவீதக் கடைகளில்தான் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதிக்கு மேல் கிடைத்தது. சின்ன மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதம். 100 கிராம் சராசரியாக 5 ரூபாய் 60 காசு. சாதாரண உப்பு 2 ரூபாய் 70 காசு. சென்னையிலேயே இந்த நிலைமை என்றால் அன்னூர், காங்கேயம் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டவருக்கு இந்துப்பு வந்து சேர்வதில் ஆச்சரியமில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சிங்காநல்லூரில் நாலு பேர் உள்ள வீடு. மகன், மருமகள், கல்லூரி போகிற பேத்தி, 68 வயது பாட்டி. மாதம் ஒரு கிலோ உப்பு பாக்கெட் தீர்கிறது. நாலு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 8 கிராம் உப்பு. அதில் சோடியம் 3.1 கிராம். எல்லை 2 கிராம். வெளியே சாப்பிடுவது இந்தக் கணக்கில் இல்லை.

மகனுக்கு பிபி என்று தெரிந்ததும் 30 சதவீத மாற்று உப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே 8 கிராம் போட்டால் சோடியம் 2.2 கிராமாக இறங்கும். கூடவே ஆளுக்கு 1.25 கிராம் பொட்டாசியம் கிடைக்கும். இது இரண்டு இளநீருக்குச் சமம். ‘15 சதவீதம் குறைவு’ வகை என்றால் சோடியம் 2.7, பொட்டாசியம் 0.6 கிராம்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு பொறி இருக்கிறது. உப்பு சற்று மந்தமாகத் தெரிவதால் “கரிக்கவே இல்லீங்க” என்று ஐந்து சிட்டிகை போட்ட இடத்தில் ஆறு போட்டுவிடுவார்கள். எட்டு கிராம் ஒன்பதரை ஆகிவிடும். அதில் சாதாரண உப்பு மட்டும் கணக்கிட்டால் 8 கிராமுக்கு மேல். விலை இரண்டு மடங்கு கொடுத்து, பழைய அளவு சோடியத்தையே சாப்பிட்டதாக ஆகும். மாற்று உப்பு பலன் தருகிறதா என்று பார்க்க எளிய வழி, பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று தேதி எழுதி வைப்பது. முன்பைவிட சீக்கிரம் தீர்ந்தால் கை கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம்.

மகனுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், சரியான அளவில் போட்டால் இந்த மாற்றம் நல்லதுதான். கேள்வி பாட்டியைப் பற்றியது.

பாட்டிக்கு ஏன் ஆபத்து?

உடலுக்குள் வரும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியை வெளியே அனுப்புவது சிறுநீரகம் தான். அது பலவீனமாக இருந்தால், கூடுதலாக வந்த 1.25 கிராம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேரும். ரத்தத்தில் பொட்டாசியம் வழக்கமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். 6-ஐத் தாண்டினால் ஆபத்து. இதயத்தின் மின்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகவும் கூடும். கொடுமை என்னவென்றால், அதுவரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்குக் கை கால் தளர்ச்சி வரும். வயசாயிடுச்சு, வெயில் அதிகம் என்று அதையும் விட்டுவிடுவார்கள். ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் தான் காட்டிக்கொடுக்கும்.

“பாட்டிக்கு கிட்னி பிரச்சினை எல்லாம் ஒன்னும் இல்லீங்க, கிரியேட்டினின் 1.2 தான்” என்று வீட்டில் சொல்லலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. முப்பது வயது ஆணுக்கு 1.2 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், சுமார் 83. அது பரவாயில்லை. அதே 1.2, 68 வயதுப் பெண்ணுக்கு என்றால் திறன் சுமார் 49 தான். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தாலே அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்கிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் 1.2-க்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது கிரியேட்டினினை அல்ல, இஜிஎஃப்ஆர் எண்ணை. அச்சிடாவிட்டால் டாக்டரிடம் வயதைச் சொல்லிக் கணக்கிடச் சொல்லலாம்.

மாத்திரைகளும் சேர்ந்துகொள்ளும். ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு போன்ற நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தை வெளியே விடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு இவற்றைத் தருவார்கள். இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மாற்று உப்பைத் தொடக் கூடாது. பிபிக்குப் பரவலாகத் தரப்படும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவையும் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இவை மட்டும் பெரிய தடையில்லை. ஆனால் சர்க்கரை நோயும், குறைந்த இஜிஎஃப்ஆரும், இந்த மாத்திரையும் ஒரே ஆளிடம் சேர்வது மிகச் சாதாரணம். நம் உதாரணப் பாட்டி அப்படிப்பட்டவர்தான். பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்தானே, பிபிக்கு நல்ல உப்பு அவருக்குத்தானே முதலில் வேண்டும் என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் வீட்டில் அதைச் சாப்பிடவே கூடாதவர் அவர்தான்.

சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் தேடினாலும் போதாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் நிலையம், தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. சுமார் 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, பிபியும் இல்லை. வெயிலில் காட்டு வேலை செய்து பழகிய, மருத்துவமனைப் பக்கமே போகாத ஆளுக்கு ‘நமக்கு ஒன்னும் இல்லை’ என்று சொல்ல ஒரு பரிசோதனையாவது வேண்டும்.

டப்பாவை மாத்துறதுக்கு முன்னாடி…

செய்ய வேண்டியது அந்த வீட்டில் தினமும் சாப்பிடும் ஒவ்வொரு பெரியவருக்கும் மூன்று பரிசோதனைகள்: கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிட்ட இஜிஎஃப்ஆர், சீரம் பொட்டாசியம். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்த்து சிறுநீரகக் கோளாறைக் கண்டறியும் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. ரத்தப் பரிசோதனைக்கு கோவை அரசு மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள மருத்துவமனைக்கோ போகலாம். சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துப் போய், “பொட்டாசியம் கலந்த உப்பு போடலாங்களா?” என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். ‘பிபி உப்பு’ என்று கேட்டால் டாக்டரும் இந்துப்பைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடலாம்.

வீட்டில் ஒருவருக்கு ஆகாது என்று தெரிந்தால், ஒரே பானையில் சமைக்கிற வரை மாற்று உப்பு வேண்டாம். அதனால் மற்றவர்களுக்கு நஷ்டம் என்று நினைக்கத் தேவையில்லை. பழைய அயோடின் உப்பையே ஆளுக்கு 8 கிராமிலிருந்து 6 கிராமாகக் குறைத்தால் சோடியம் 2.4 கிராமுக்கு வந்துவிடும். 30 சதவீத மாற்று உப்பு கொடுத்ததும் 2.2 தான். அதாவது மாதம் ஒரு பாக்கெட் தீர்ந்த வீட்டில் அதே பாக்கெட் 40 நாள் வந்தால், சோடியம் பக்கம் கிட்டத்தட்ட அதே பலன், அதுவும் பாட்டிக்கும் சேர்த்து. ஒரே நாளில் குறைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று இறக்கினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பச்சைப்புளி ரசத்திலும் மோரிலும் புளிப்பு இருப்பதால் அங்கே குறைத்தால் தெரியாது. சாதம் வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்தினாலும் தெரியாது.

உப்பு டப்பாவுக்கு வெளியே இருக்கிற சோடியத்தை மறந்துவிட வேண்டாம். ஊறுகாயில் எடைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உப்பு இருப்பது வழக்கம், இரண்டு டீஸ்பூனில் ஒரு கிராம் போய்விடும். அப்பளத்தில் போடும் அப்பளக்காரமும், போண்டாவில் போடும் சமையல் சோடாவும், ரோட்டோரக் காளான் மசாலாவில் சேர்க்கும் அஜினோமோட்டோவும் சோடியம் சேர்மங்கள் தான். ஆனாலும் நம் வீடுகளில் சோடியத்தின் பெரும்பகுதி சமைக்கும்போது போடுகிற உப்பிலிருந்தே வருகிறது. மேலை நாடுகளில் அது பாக்கெட் உணவிலும் ஹோட்டலிலும் ஒளிந்திருக்கும்.

பொட்டாசியம் வேண்டும் என்கிறவர்கள் அதைச் சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு மூன்று நாள் கொள்ளுப் பருப்பு, ஒரு வேளை ராகி அல்லது கம்பு, தினமும் ஒரு பழம், ஒரு கீரை. பாட்டிக்கு மட்டும் இதிலும் கட்டுப்பாடு வரலாம். எவ்வளவு என்பதை அவருடைய ரத்தப் பொட்டாசியம் தான் முடிவு செய்யும். கூடுதலாக இருந்தால் இளநீரை நிறுத்தச் சொல்வார்கள். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொல்வார்கள். பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் இந்த முறை. மற்றவர்களுக்கு இதே காரணத்தால் நேர் எதிர்: காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் ஊற்றிவிடுவது நல்லது.